அலாரம் அடிச்சாச்சு... மூளை எப்போ எழும்?

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் சுமார் 25 கிலோமீட்டர். காலை 6 மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க 4 மணிக்கே அலாரம் வைக்க வேண்டும். அலாரம் அடிக்கும், கையும் அணைத்துவிடும். ஆனால் சட்டைப் பட்டனை மாற்றிப் போடுவது, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுவது, வீட்டில் கேட்ட கேள்விக்கு எரிந்து விழுவது என அடுத்த ஒரு மணி நேரம் தள்ளாட்டம்தான். 'சோம்பேறி' என்று வீட்டில் பெயரும் வாங்கியாயிற்று!

உண்மையில் இது சோம்பேறித்தனம் இல்லை. மருத்துவத்தில் இதற்கு 'ஸ்லீப் இனர்ஷியா' என்று பெயர். தூக்க மந்தம் என்று சொல்லலாம். மூளை ஸ்விட்ச் போட்டதும் எரியும் பல்பு இல்லை. விழித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டுப் பகுதி முதலில் சுறுசுறுப்பாகிறது. யோசித்து முடிவெடுக்கும் நெற்றிப் பக்க மூளை முழுதாகத் திரும்ப மேலும் கால் மணி நேரமாவது பிடிக்கிறது. அதாவது கண் திறந்து, கால் நடந்து, பேச்சும் வந்த பிறகும் முடிவெடுக்கும் பகுதி மட்டும் இன்னும் பாதித் தூக்கத்தில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத்தில் இது தெளிந்துவிடும். தூக்கம் குறைந்திருந்தால் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இழுக்கும்.

இது எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதற்கு பக்கத்து மாநிலத்திலேயே ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது. 2010 மே 22, காலை சுமார் 6 மணி. துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் மட்டுமே பிழைத்தார்கள். விமானியறை ஒலிப்பதிவைக் கேட்ட விசாரணைக் குழு, பயணத்தின்போது கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்ததைக் கண்டுபிடித்தது. விமானம் இறங்க வேண்டிய உயரத்தைவிட மிக அதிக உயரத்தில் இருந்தது. துணை விமானி 'இறக்க வேண்டாம், மேலே ஏற்றுங்கள்' என்ற பொருளில் மூன்று முறை சொன்னார். இருந்தும் தரையிறக்கம் தொடர்ந்தது. தரையிறக்கத்தைக் கைவிடாததுதான் முக்கியக் காரணம் என்ற குழு, தூக்க மந்தம் கேப்டனின் முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கலாம் என்றும் குறிப்பிட்டது.

அதிகாலை விழிப்பு ஏன் இத்தனை கஷ்டம்? உடலின் வெப்பநிலை 4, 5 மணி வாக்கில்தான் மிகக் குறைவாக இருக்கும். உடல் கடிகாரத்துக்கு அது நடு இரவு. இரவு 11-க்குப் படுத்து 4-க்கு எழுபவருக்குத் தூக்கமும் 5 மணி நேரம்தான். இரண்டும் சேர்ந்தால் மந்தம் இரட்டிப்பாகும்.

சரி, என்ன செய்யலாம்? முதல் 20, 30 நிமிடங்களில் மூளையிடம் முடிவு எதுவும் கேட்காமல் இருப்பதுதான் முதல் வேலை. டிபன் பாக்ஸ், ஐ.டி. கார்டு, ஹெல்மெட், சட்டை எல்லாவற்றையும் இரவே ஒரே இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். எழுந்ததும் பைக்கை முறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் பறப்பதைத் தவிருங்கள். தேன்கனிக்கோட்டைக் குளிரில், இருட்டில், பாதி விழித்த மூளையோடு வண்டி ஓட்டுவதுதான் இந்தக் காலையின் மிக ஆபத்தான வேலை. 4.30-க்குக் கிளம்ப வேண்டியவர், 4.10-க்குப் பதில் 4 மணிக்கு எழுந்தால் அந்தப் பத்து நிமிடம் வீண் இல்லை.

எழுந்தவுடன் அறையின் எல்லா விளக்குகளையும் போடுங்கள். காபி குடிப்பவர்கள் முகம் கழுவியதுமே குடித்துவிடலாம். அது வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதனால் கிளம்பும் நேரத்தில் அவசரமாக ஊற்றிக்கொள்ளும் காபி பைக் பயணத்துக்கு உதவாது, பஸ்ஸில் வரவேண்டிய தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

அலாரம் சத்தத்தையும் மாற்றிப் பார்க்கலாம். மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், 'பீப் பீப்' சத்தத்தைவிட மெட்டுள்ள இசையில் எழுந்தவர்கள் மந்தம் குறைவு என்றார்கள். கேள்வி கேட்கப்பட்டது 50 பேரிடம்தான், அதுவும் அவர்களே சொன்ன பதில். ஆனாலும் ரிங்டோனை மாற்றக் காசா பணமா!

நைட் ஷிஃப்ட் இடைவேளையில் கண் அயர்கிறவர்களுக்குத் தனிக் கணக்கு. 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். அதிலிருந்து எழுந்து நேராக மெஷின் முன் நிற்பது, தூங்காமலே இருப்பதைவிட மோசம்.

இதெல்லாம் தூக்கம் குறைந்தவர்களுக்கு. 7, 8 மணி நேரம் தூங்கியும் தினமும் ஒரு மணி நேரம் மந்தமாகவே இருந்தால் விஷயம் வேறு. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், காலைத் தலைவலி இருந்தால் மூச்சுத் தடைப் பிரச்னையாக இருக்கலாம். தைராய்டு, மன அழுத்தம், சளி மற்றும் அலர்ஜிக்கு இரவில் போடும் சில மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். டாக்டரிடம் போகும்போது எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியலோடு, குறட்டைச் சத்தம் கேட்கும் வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூங்குகிறவருக்குத் தன் குறட்டை தெரியாதே!