ஏ.சி. காற்றில் எத்தனை டிகிரி குறைகிறது?

கோடையில் ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், வருபவர் காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்” என்று சொல்வது பல வீடுகளில் நடப்பதுதான். வெயிலில் அலைந்துவிட்டு வந்த கைக்கு 20 டிகிரி காற்றும் ஜில்லென்றுதான் இருக்கும். 14 டிகிரிக்கும் 18 டிகிரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் சொல்ல முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒயர் முனையில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் அதைச் சொல்லிவிடும்.

சுவரில் மாட்டிய ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே மேல்பக்கம் வழியாக உள்ளிழுத்து, குளிர்ந்த காயிலைத் தாண்டச் செய்து, கீழே ஃபிளாப் வழியாக வெளியே தள்ளுகிறது. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையிலிருந்து வெளியே வரும் காற்றின் வெப்பநிலையைக் கழித்தால் வருவதுதான் மெக்கானிக்குகள் பார்க்கும் எண். நன்றாக ஓடும் வீட்டு ஏ.சி.யில் இது பெரும்பாலும் 8 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும்.

அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். கதவு, ஜன்னல்களை மூடி, ‘கூல்’ மோடில் 16 டிகிரி வைத்து, ஃபேன் வேகத்தை முழுதாக உயர்த்தி, 15 முதல் 20 நிமிடம் ஓடவிட வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு இந்த 16 டிகிரி மிக முக்கியம். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் தயாரான அறை ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும். அறை ஏற்கெனவே 25 டிகிரிக்கு வந்திருந்தால், கம்ப்ரசர் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அப்போது அளந்தால் 5 டிகிரிதான் காட்டும், ஏ.சி.யில் பழுது எதுவும் இருக்காது.

சென்சார் முனையை முதலில் காற்று உள்ளே போகும் மேல்பக்கத்தில் சில நிமிடம் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு அதே தெர்மாமீட்டரைக் கீழே, காற்று வரும் வாயில் பிடிக்க வேண்டும். இரண்டு தெர்மாமீட்டர் வைத்து அளந்தால் அவற்றுக்குள்ளேயே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கலாம். முனை பிளாஸ்டிக்கையோ காயிலையோ தொடக் கூடாது. உள்ளே சுழலும் புளோயருக்கு அருகிலும் போகக் கூடாது. துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. அது காற்றை அளப்பதில்லை, எதிரே இருக்கும் ஃபிளாப்பின் மேற்பரப்பை அளக்கிறது.

எண் கிடைத்துவிட்டது. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

ஒரே 1.5 டன் ஏ.சி.யை இரண்டு ஊர்களில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது மணிக்கு சுமார் 900 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது. அந்த அளவு காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 300 வாட் வெப்பத்தை எடுக்க வேண்டும். உள்நாட்டு ஊர் ஒன்றில், ஈரப்பதம் 30 சதவீதம் மட்டுமே உள்ள அறையில், காற்று 31 டிகிரியில் உள்ளே போய் 16 டிகிரியில் வெளியே வருகிறது. குறைப்பு 15 டிகிரி, அதாவது 4,500 வாட். சென்னையில், ஈரப்பதம் 60 சதவீதம் உள்ள அறையில், 29 டிகிரியில் போகும் காற்று 19 டிகிரியில் வருகிறது. குறைப்பு 10 டிகிரிதான், 3,000 வாட். அப்படியானால் சென்னையில் ஏ.சி.யின் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதா?

இல்லை. மீதி வேலை டிரெயின் பைப்பில் தண்ணீராக வடிகிறது. காற்றில் உள்ள நீராவி காயிலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதும் வெப்பத்தை விட்டுவிடுகிறது, அதையும் ஏ.சி.தான் எடுத்து வெளியேற்ற வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வடிந்தால், சுமார் 680 வாட் வேலை அதற்கே போகிறது என்று பொருள். தெர்மாமீட்டர் இதைக் காட்டாது. சென்னை அறையில் பைப்புக்குக் கீழே வாளி வைத்து ஒரு மணி நேரத்தில் 2.5 லிட்டர் சேர்ந்தால், அது 1,700 வாட். முன்பு கண்ட 3,000 வாட்டோடு சேர்த்தால் 4,700. உள்நாட்டு ஊரில் வாளியில் கால் லிட்டருக்குச் சற்று மேல் சேர்ந்திருக்கும். அங்கேயும் கூட்டினால் ஏறத்தாழ அதே 4,700 வாட்தான். எனவே கடற்கரை ஊரில் 9 அல்லது 10 டிகிரி வந்து, பைப்பிலும் தண்ணீர் தாராளமாக வடிந்தால், கவலைப்பட ஒன்றுமில்லை.

எண் பெரிதாக இருப்பதும் எப்போதும் நல்ல செய்தியல்ல. அதே சென்னை அறையில் ஃபில்டர் அடைத்து, புளோயர் இறக்கைகளில் தூசி படிந்து, காற்று பாதியாகிவிட்டது என்போம். குறைந்த காற்று காயிலில் நின்று நிதானமாகப் போவதால் அதிகம் குளிர்கிறது. குறைப்பு 16 டிகிரி காட்டுகிறது. ஆனால் இப்போது ஒரு டிகிரிக்கு 150 வாட்தான், ஆகவே மொத்தம் 2,400. 10 டிகிரி காட்டியபோது கிடைத்ததைவிடக் குறைவு. ஃபிளாப்புக்கு நேரே நின்றால் சில்லென்று அடிக்கும், கட்டிலில் படுத்தவருக்குப் புழுக்கம் தீராது. நாளடைவில் காயிலில் ஐஸ் கட்டவும் கூடும். வழக்கத்தைவிட எண் ஏறி, காற்றின் வீச்சு குறைந்திருந்தால், முதலில் செய்ய வேண்டியது காயிலையும் புளோயரையும் நன்றாகக் கழுவுவதே. இந்த நிலையில் கேஸ் நிரப்பினால் பயனில்லை.

மாறாக, காற்று நன்றாக வந்தும், 16 டிகிரியில் வைத்து முழு வேகத்தில் ஓட்டியும், குறைப்பு 4 அல்லது 5 டிகிரியைத் தாண்டாவிட்டால் கோளாறு இருக்கிறது. அது கேஸ் கசிவாகவும் இருக்கலாம். அவுட்டோர் யூனிட்டின் காயிலில் அழுக்கு அடைத்தோ, அதன் ஃபேன் மெதுவாகச் சுற்றியோ, கம்ப்ரசர் சரியாக ஓடாமலோ இருக்கலாம். காற்று வரும் வாயின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் அளந்து பார்ப்பது இங்கே உதவும். ஒரு பக்கம் குளிர்ந்தும் மறுபக்கம் அறைக் காற்றைப் போலவும் இருந்தால், காயிலின் ஒரு பகுதிக்குப் போதிய கேஸ் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய பைப் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அப்போதும் கேஸ் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் எடுத்து, யூனிட்டின் பெயர்ப்பலகையில் உள்ள எடையளவுக்குத் தராசில் வைத்து நிரப்புவதே முறை. வந்தவரிடம் “கசிவு எங்கே? எத்தனை கிராம் போடப் போகிறீர்கள்?” என்று கேட்கலாம்.

இந்த அளவீடு அதிகம் பயன்படுவது, ஏ.சி. நல்ல நிலையில் இருக்கும்போதே எடுத்து வைத்தால்தான். சர்வீஸ் முடிந்த அன்று உள்ளே போன காற்று, வெளியே வந்த காற்று, ஒரு மணி நேரத்தில் வாளியில் சேர்ந்த தண்ணீர் ஆகிய மூன்றையும் தேதியோடு எழுதி, ஏ.சி.யின் ஓரத்தில் ஒட்டி வைக்கலாம். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே முறையில் அளந்து, மூன்று, நான்கு டிகிரி மாறியிருந்தாலோ, வழக்கமாக வடியும் தண்ணீர் வெகுவாகக் குறைந்திருந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடலாம். வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன், அவர் எதிரிலேயே மறுபடியும் ஒருமுறை அளந்துவிடலாம்.