விடை சரி, எட்டு மதிப்பெண் எங்கே?

‘அன்பு மாணவர்களே, மூன்றாவது கேள்விக்குப் பலரும் சரியான விடையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் பத்துக்கு இரண்டுதான் போட முடிந்தது. ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம்.’ ஆட்டோமேட்டா பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர் ஒருவர், திருத்திய விடைத்தாள்களோடு வகுப்புக்குக் கொடுத்த கடிதம் இப்படித் தொடங்குகிறது.

ஃபைனைட் ஆட்டோமேட்டன் என்பது எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, நிலைவிட்டு நிலை மாறும் கற்பனை இயந்திரம். அதன் நிலைகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. படித்து முடிக்கும்போது அது ஏற்பு நிலையில் நின்றால் அந்தச் சரம் ஏற்கப்படும். அப்படி ஓர் இயந்திரம் சரியாகப் பிரித்தறியும் சரங்களின் தொகுப்புக்கு ரெகுலர் மொழி என்று பெயர்.

தேர்வில் கேட்டது: ab, aabb, aaabbb என்று, எத்தனை a வருகிறதோ அத்தனை b தொடரும் மொழி ரெகுலரா? இல்லை என்பதே விடை. பலர் எழுதிய காரணம், ‘இந்த இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது’.

இந்தக் காரணம் எங்கே சறுக்குகிறது என்பதை ஆசிரியர் இன்னொரு மொழியைக் கொண்டு காட்டுகிறார். a, b மட்டுமே உள்ள ஒரு சரத்தில் ab என்ற ஜோடியும் ba என்ற ஜோடியும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இதற்கும் எண்ண வேண்டும் என்றே தோன்றும். மாணவர் வாதப்படி இதுவும் ரெகுலர் இல்லை.

உண்மையில் இது ரெகுலர்தான். a-யிலிருந்து b-க்குத் தாவிய சரம், மறுபடி தாவினால் b-யிலிருந்து a-க்குத்தான் தாவ முடியும். இரு வகைத் தாவல்களும் மாறி மாறியே வருவதால், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டும் சமம். abba-வில் ஒன்றுக்கு ஒன்று. abab-யில் இரண்டுக்கு ஒன்று. முதல் எழுத்தையும் இப்போதைய எழுத்தையும் நினைவில் வைத்தால் போதும். ஐந்தே நிலைகளில் இயந்திரம் தயார்.

ஒரே வாதம் ஓரிடத்தில் உண்மைக்கும் இன்னோரிடத்தில் பொய்க்கும் இட்டுச்சென்றால், அது நிரூபணம் ஆகாது.

பிறகு, எழுதியிருக்க வேண்டிய விடையைக் கடிதம் தருகிறது. தேர்வில் கேட்ட மொழிக்கு k நிலைகள் கொண்ட இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு a, இரண்டு a என்று k+1 வரை, தனித்தனிச் சரங்களை அதற்குக் கொடுப்போம். சரங்கள் k+1, நிலைகளோ k. ஆகவே நீளம் வேறான இரண்டு சரங்களாவது ஒரே நிலையில் போய் முடியும். அவற்றின் நீளம் i, j என்க. இரண்டுக்கும் பின்னால் i எண்ணிக்கையில் b சேர்த்தால், இயந்திரம் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆனால் முதலாவதை ஏற்க வேண்டும், இரண்டாவதை மறுக்க வேண்டும். இது முரண்பாடு. ஆகவே அப்படியோர் இயந்திரம் இல்லை.

k எவ்வளவு பெரிதானாலும் இது நிற்கும். ‘எண்ணத் தெரியாது’ என்று எழுதியவர்கள் சொல்ல நினைத்ததும் இதுதான். ஆனால் எந்த இரண்டு சரங்களில் இயந்திரம் ஏமாறுகிறது என்று அவர்கள் காட்டவில்லை. விடைக்கு இரண்டு, இந்தச் சில வரிகளுக்கு எட்டு என்பதே ஆசிரியரின் கணக்கு.

‘அடுத்த தேர்வில் ஒரு மொழி ரெகுலர் இல்லை என்று எழுதினால், அந்த இரண்டு சரங்களையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள்’ என்று முடிகிறது கடிதம்.