ஓவர் கொடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

இரவு எட்டு முதல் காலை எட்டு வரை நைட் டூட்டி நடக்கும் வார்டுகளில் கடைசி ஒரு மணி நேரம்தான் மிகவும் பரபரப்பானது. சுகர் பார்க்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும், லேபுக்கு ரத்தம் அனுப்ப வேண்டும், சார்ட்டை முடிக்க வேண்டும், அடுத்து வரும் சிஸ்டருக்கு ஓவர் கொடுக்க வேண்டும். உடம்போ விடியற்காலையில்தான் மிகவும் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சி தீருவதற்குள் வேலை குவிந்துவிடுகிறது.

2004-இல் அமெரிக்காவில் 393 செவிலியர்கள் தங்கள் பணி நேரத்தையும் தவறுகளையும் குறிப்பேடுகளில் எழுதிவந்த ஓர் ஆய்வு வெளியானது. பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட ஷிஃப்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. அந்நேரத்து மனதுக்கு வேலை தெரியாமல் போய்விடுவதில்லை. கை பழக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண் மட்டும் எதிர்பார்த்ததையே பார்க்கிறது. இந்தக் கோளாறு அப்பட்டமாகத் தெரிகிற இடம் இன்சுலின் ஊசி.

இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்திகளில் புழங்குகிறது. வார்டில் வழக்கமாக இருக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மங்கலான டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் அப்படியொன்றும் தூரமில்லை.

ஒரு நோயாளி வீட்டிலிருந்து பேனாவோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் எழுதியிருப்பது 10 யூனிட் ரெகுலர் இன்சுலின். மணி 7.20, பேனாவின் ஊசி தீர்ந்துவிட்டது. சாப்பாடு வந்துவிடுமே என்ற அவசரத்தில் சிஸ்டர் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, கார்ட்ரிட்ஜிலிருந்து 10 என்ற கோடு வரை இழுக்கிறார். அந்தக் கோட்டில் இருப்பது கால் மில்லி. நூறு யூனிட் மருந்தில் கால் மில்லி என்றால் 25 யூனிட். எழுதியதைப் போல இரண்டரை மடங்கு. சார்ட்டில் "10 யூனிட்" என்று பதிவாகிறது. எழுதியவருக்கு அதில் பொய் எதுவும் தெரியாது.

ரெகுலர் இன்சுலின் அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்தைத் தொடும். ஆக, பத்து மணி வாக்கில் நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும்போது ஊசி போட்டவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். பகல் சிஸ்டர் சுகர் பார்ப்பார். 70-க்குக் கீழே இருந்தால் உடனே குளுக்கோஸ் தரப்படும். "சரியாகச் சாப்பிடவில்லை போல" என்று விஷயம் அதோடு முடிந்துவிடக்கூடும். தலைகீழாக நடப்பது இன்னும் ஓசையில்லாதது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். சுகர் குறையாது. டாக்டர் மறுநாள் அளவைக் கூட்டுவார். அன்று சரியான சிரிஞ்சு கைக்கு வந்துவிட்டால் ஆபத்து அப்போதுதான்.

"கவனமாக இருங்கள்" என்று சுவரில் ஒட்டுவதால் இதில் பெரிய பலன் கிடையாது. கவனம் குறைவதுதானே பிரச்சினையே. அதனால் நல்ல வார்டுகளில் இன்னொருவரின் கண்ணைக் கடன் வாங்குகிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "அக்கா, இது பத்துதானே?" என்று கேட்டால் அக்காவும் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார். சார்ட்டையும் மருந்தையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, "இதில் எவ்வளவு இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். இரண்டாமவர் முதலாமவரின் விடையைக் கேளாமல் தானாகக் கணக்குப் போட்டால்தான் அது சரிபார்ப்பு. ரத்தம் எடுக்கும்போதும் இதே கதைதான். "நீங்கள் முருகன்தானே?" என்றால் தூக்கக் கலக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள், "உங்கள் பெயர் சொல்லுங்கள்" என்றால் அவராக விழித்துச் சொல்ல வேண்டியிருக்கும். டியூபில் பெயர் எழுதுவதும் கட்டில் அருகிலேயே முடிய வேண்டும். நான்கு பேரின் டியூப்களை டேபிளுக்குக் கொண்டுவந்து மொத்தமாக எழுதும்போதுதான் அவை இடம் மாறுகின்றன.

குறுக்கீடும் சேர்ந்துகொள்கிறது. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்களைக் கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், மருந்து கொடுக்கும்போது வந்த ஒவ்வொரு குறுக்கீட்டோடும் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடியிருந்தன. ஏழு மணிக்கு மேல் வார்டில் போன், டாக்டர் ரவுண்ட்ஸ், டிபன் எங்கே என்று கேட்கும் உறவினர் என்று எல்லாம் ஒன்றாகவே வரும். பாதி மருந்தை இழுத்த நிலையில் யாராவது கூப்பிட்டால், அந்தச் சிரிஞ்சைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. செலவு ஒரு சிரிஞ்சும் கொஞ்சம் மருந்தும்தான்.

ஆனால் முப்பது கட்டிலுக்கு ஒரே சிஸ்டர் இருக்கும் வார்டில் இரண்டாவது கண்ணுக்கு எங்கே போவது? அங்கே நிர்வாகம் செய்யக்கூடியது வேறு. வார்டில் ஒரே அடர்த்தி இன்சுலினையும் அதற்கான சிரிஞ்சையும் மட்டும் வைக்கலாம். வீட்டிலிருந்து வரும் பேனாவுக்கு ஊசிகளை முந்தைய நாளே வாங்கிவைக்கலாம், கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் எடுப்பதைத் தடை செய்யலாம். ஓவர் கொடுக்கும்போது "இன்சுலின் போட்டாச்சு" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு, எந்தக் குப்பியிலிருந்து, நோயாளி சாப்பிட்டாரா என்ற மூன்றையும் கட்டில் அருகே நின்று சொன்னால், பத்து மணிக்கு யாருக்கு வியர்க்கிறது என்று பார்க்கப் பகல் சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும்.