பில்லில் இருக்கும் அளவும் சுவரில் இருக்கும் அளவும்

ஐட்டம் ரேட் முறையில் வீடு கட்ட ஒப்பந்தம் போடும்போது விலை மட்டும்தான் முடிவாகிறது. அளவுப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே உள்ள அளவு, வரைபடத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பீடு. பணம் கொடுக்க வேண்டியதோ உண்மையில் நடந்து முடிந்த வேலைக்கு. காண்ட்ராக்டர் கொடுக்கும் ரன்னிங் பில்லுக்குப் பணம் தருவதற்கு முன் அதைக் குவான்டிட்டி சர்வேயரிடம் காட்டுவது, இந்த இரண்டும் எங்கே விலகுகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிய வீடுகளுக்கு இந்தச் சரிபார்ப்பு பெரும்பாலும் பொருந்தாது.

அவருக்கு பில் மட்டும் போதாது. ஒப்பந்தம், அளவுப் பட்டியல், வரைபடங்கள், முந்தைய பில்கள், பில்லுக்கு ஆதாரமான அளவுத் தாள்கள் எல்லாம் வேண்டும். அளவுத் தாளில் நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். 'பூச்சு வேலை, 320 சதுர மீட்டர்' என்று ஒரே வரியில் வரும் பில்லை யாராலும் சரிபார்க்க முடியாது. அளவுத் தாள் கேட்டுத் திருப்பி அனுப்புவதே முறை. அந்த 320 தொடக்கத்திலிருந்து இன்றுவரையான மொத்தமா, இந்த முறை செய்தது மட்டுமா என்பதும் முதலிலேயே தெளிவாக வேண்டும். மொத்தம் என்றால், முந்தைய பில்லில் ஏற்ற 180 சதுர மீட்டரைக் கழித்து 140-க்குத்தான் பணம்.

அதன் பிறகு காண்ட்ராக்டரின் ஆளையும் உடன் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளக்க வேண்டும். தனியாக அளந்து வந்தால் பின்னால் அந்த அளவே வழக்காகிவிடும்.

அதிகம் தகராறு வருவது பூச்சு வேலையில். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர். அதில் 1 மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவு, மேலே 0.6 மீட்டர் சதுரத்தில் ஒரு வென்டிலேட்டர். இரண்டு பக்கமும் ஒரே பூச்சு. காண்ட்ராக்டர் எதையும் கழிக்காமல் 36 சதுர மீட்டர் எழுதுகிறார். வீட்டுக்காரர் திறப்புகளை இரண்டு பக்கமும் கழித்து 31.08 என்கிறார். இரண்டுமே தவறு. ஐ.எஸ். 1200 என்ற இந்திய அளவீட்டுத் தரநிலையின்படி 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. ஆகவே வென்டிலேட்டரைத் தொடவேண்டியதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். கதவின் பரப்பு 2.1, சரியான அளவு 33.9. மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது கதவைச் சுற்றியுள்ள சுவர்த் தடிமனைப் பூசிய வேலைக்கு ஈடாக. அந்தத் தடிமனைத் தனி வரியாக பில்லில் மறுபடியும் சேர்த்திருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. 3 சதுர மீட்டரைத் தாண்டிய திறப்பு என்றால் கணக்கு மாறும்: இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, தடிமனை அளந்து சேர்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு அளவீட்டு முறை எழுதியிருந்தால் அதுவே செல்லும்.

கான்கிரீட்டில் தவறு வேறு மாதிரி ஒளிந்திருக்கும். பீமும் ஸ்லாபும் சேரும் இடத்தை இரண்டிலும் எழுதிவிடுவார்கள். 0.23 மீட்டர் அகலமுள்ள பீமை முழு ஆழத்துக்கும் எழுதி, 0.12 மீட்டர் தடிமனுள்ள ஸ்லாபையும் பீமின் மேல் முழுப் பரப்புக்கு எழுதினால், 60 மீட்டர் பீமுக்கு ஏறத்தாழ 1.66 கன மீட்டர் கான்கிரீட் காகிதத்தில் மட்டும் இருக்கும். ஸ்லாபை முழுதாக எழுதினால் பீமை ஸ்லாபுக்குக் கீழே உள்ள ஆழத்துக்கு மட்டுமே எழுத வேண்டும்.

கம்பியைக் கான்கிரீட் போட்ட பிறகு எண்ண முடியாது. எனவே கான்கிரீட் போடும் முன்பே சர்வேயரை அழைக்க வேண்டும். பில் வந்த பிறகு அழைத்தால் அவருக்குப் புகைப்படமும் வரைபடமும்தான் மிச்சம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும், 10 மி.மீ. கம்பிக்கு 0.617. 5 மீட்டருக்கு 4 மீட்டர் ஸ்லாபில், 4 மீட்டர் கம்பிகளை 150 மி.மீ. இடைவெளியில் வைத்தால் 34 கம்பிகள், சுமார் 84 கிலோ. இடைவெளி 200 மி.மீ. ஆகிவிட்டால் 26 கம்பிகள், 64 கிலோ. எடைமேடைச் சீட்டைக் காட்டி இந்தக் கணக்கை ஈடுசெய்ய முடியாது. சீட்டில் இருப்பது வாங்கிய எடை. வெட்டிப்போட்ட துண்டுகளும் அதில் அடக்கம்.

அந்த 20 கிலோவை பில்லில் கழிப்பதோடு சர்வேயரின் வேலை முடிகிறது. குறைந்த கம்பியோடு ஸ்லாப் தாங்குமா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். அவர் பதில் வரும்வரை அந்த வரிக்கு மட்டும் பணத்தை நிறுத்திவைத்து, தகராறில்லாத மற்ற வரிகளுக்குக் கொடுத்துவிடலாம். அளவுப் பட்டியலில் இல்லாத கூடுதல் வேலைகளுக்கும் அப்படித்தான்: எழுத்தில் சம்மதமும் ஒப்புக்கொண்ட விலையும் இருந்தால் அளந்து சேர்ப்பார், இல்லாவிட்டால் தனித் தாளில் எழுதி வீட்டுக்காரரின் முடிவுக்கு விட்டுவிடுவார்.