‘சுட்டாள்’ எங்கிருந்து வந்தது?

‘அக்கா, தம்பிக்குப் பசிக்கும் என்று அவசரமாகத் தோசை...’

இதை நீங்கள் ‘சுட்டாள்’ என்றுதான் முடிப்பீர்கள். தோசை என்பதால் சுடுவது. அக்கா என்பதால் ‘ஆள்’ விகுதி. தோசை பக்கத்திலேயே இருக்கிறது. அக்காவோ வாக்கியத்தின் தொடக்கத்தில். நடுவில் தம்பி வேறு. அடுத்த சொல்லைக் கணிக்கும் கணினி மாதிரி இத்தனையையும் தாண்டி அக்காவை எப்படிப் பிடிக்கிறது? செல்ஃப் அட்டென்ஷன் என்ற கணக்கால். 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அமைப்புக்கு உயிர்நாடி இதுதான்.

மாதிரிக்கு ஒவ்வொரு சொல்லும் ஓர் எண்வரிசை. அதிலிருந்து மேலும் மூன்று எண்வரிசைகளைக் கணக்கிடுகிறது. முதலாவது குவெரி: ‘எனக்கு என்ன தகவல் வேண்டும்?’ இரண்டாவது கீ: ‘என்னிடம் எந்த வகைத் தகவல் இருக்கிறது?’ மூன்றாவது வேல்யூ: கொடுக்கப்போகும் தகவல். கடைசிச் சொல்லான ‘தோசை’யின் குவெரியை, அதுவரை வந்த ஒவ்வொரு சொல்லின் கீயோடும் பெருக்கிக் கூட்டினால் சொல்லுக்கொரு மதிப்பெண் கிடைக்கும்.

எழுவாயைத் தேடும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக மூன்று சொற்கள் மட்டும். எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. அக்காவுக்கு 3, தோசைக்கு 2, தம்பிக்கு 1. தோசையில் வேற்றுமை உருபு இல்லாததால் அதுவும் எழுவாய்போலத் தெரிகிறது. தம்பியோடு ‘கு’ உருபு ஒட்டியிருக்கிறது. அதனால்தான் மதிப்பெண் குறைவு. இவற்றை சாஃப்ட்மேக்ஸ் என்ற சூத்திரத்தில் போட்டால் அக்கா 67 சதவீதம், தோசை 24, தம்பி 9. அந்த விகிதத்தில் மூன்று வேல்யூக்களும் கலந்து ‘தோசை’ இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கின்றன. செய்பவர் பெண் என்ற செய்தி இப்போது அங்கே இருக்கிறது.

இந்த இலக்கணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஏராளமான உரையில் அடுத்த சொல்லைக் கணித்து, தவறும்போதெல்லாம் திருத்தப்பட்டு மாதிரி தானே கற்றது. எழுவாய்க்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று இவ்வளவு சுத்தமாக வேலை பிரிந்திருப்பதும் அரிது. ஓர் அடுக்கில் இத்தகைய கணக்குகள் பல ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அப்படிப் பல அடுக்குகள். ஜிபிடி-2-இன் சிறிய வடிவத்தில் 12 அடுக்குகள், அடுக்குக்கு 12 கணக்குகள். எல்லாம் முடிந்த பிறகே, அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு சொல்துண்டுக்கும் வாய்ப்பு கணக்கிடப்படுகிறது.

அதனால் ஒரு கணக்கில் அக்காவுக்கு 67 சதவீதம் விழுந்ததை மட்டும் காட்டி, ‘சுட்டாள்’ வந்த காரணம் இதுவே என்று சொல்லிவிட முடியாது. நம்பகமான சோதனை வேறு: அக்காவை எடுத்துவிட்டு ‘அண்ணன்’ என்று போட்டுப் பாருங்கள். மற்ற சொற்கள் அப்படியே இருக்க, விடை ‘சுட்டான்’ என்று மாறினால், மாதிரி முதல் சொல்லைப் பார்த்துத்தான் விகுதியை முடிவு செய்தது என்று சொல்லலாம்.