நிறைந்தாலும் சொல்லாத சிறுநீர்ப்பை

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால், பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் நாளுக்கு மூன்று முறை மட்டுமே கழிப்பறைக்குப் போகிறார் என்றால், நோய் அடங்கிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் பழுதாகிவிட்டதால்கூட அவருக்கு அந்த அவசரம் வராமல் இருக்கலாம். வலி இல்லாமல், ஆரவாரம் இல்லாமல் வளரும் பாதிப்பு இது.

சர்க்கரை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் வகை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 62 வயதுப் பெண்மணி, தையல் கடை வைத்திருக்கிறார், சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள். இரவில் பாதங்கள் எரியும். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூட சில அடி தள்ளிப் போன பிறகுதான் தெரியும். கடந்த ஓர் ஆண்டில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குணமாகி, சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடுகிறது. இந்த முறை குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா ஒண்ணுக்குப் போறீங்க?" என்று மருத்துவர் கேட்கிறார்.

"மூணு தடவைதான் டாக்டர். ராத்திரி எந்திரிக்கிறதே இல்ல. அதுல எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது."

"அவசரமா வருதுன்னு தோணித்தான் போறீங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல. கடையைப் பூட்டுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடலாம்னு போறதுதான்."

இந்தக் கடைசிப் பதிலில்தான் நோய் இருக்கிறது. உணர்வு வந்து அவர் போகவில்லை, பழக்கத்தால் போகிறார்.

நல்ல நிலையில் உள்ள சிறுநீர்ப்பையில் ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். 400, 500 மில்லி ஆகும்போது இனிப் பொறுக்க முடியாது என்று தோன்றும். இந்தச் செய்தியை முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதிக்கு எடுத்துச் செல்பவை மிக மெல்லிய நரம்பு இழைகள். 'இப்போது சுருங்கு' என்ற கட்டளையைப் பைச்சுவரின் தசைக்குக் கொண்டுவரும் நரம்புகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ரத்தத்தில் பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால் இந்த இழைகளும் அவற்றுக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் சிதைகின்றன. பாதத்தில் செருப்பு கழன்றது தெரியாமல் போவதும் இதே காரணத்தால்தான். அதனால் பாதம் மரத்தவர்களிடம் சிறுநீர் பற்றியும் மருத்துவர் விசாரித்தாக வேண்டும்.

முதலில் போவது உணர்வு. உணர்வு இல்லாததால் பை அளவுக்கு மீறி நிறைகிறது. சர்க்கரை கூடும் நாட்களில் சிறுநீரும் அதிகம் உற்பத்தியாவதால் பை இன்னும் விரிகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்ட தசை, பழைய இலாஸ்டிக் போலச் சுருங்கும் வலிமையை இழக்கிறது. பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பை முழுதாகக் காலியாவதில்லை. தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமிகள் வசதியாகப் பெருகுகின்றன. மேலே சொன்ன பெண்மணிக்குக் கடுப்பு திரும்பத் திரும்ப வந்தது இதனால்தான். முற்றிய நிலையில், நிரம்பிய பையிலிருந்து இருமும்போதும் தூக்கத்திலும் சொட்டுச் சொட்டாகக் கசியும். சிலருக்கு அழுத்தம் மேலேறிச் சிறுநீரகமும் வீங்கும்.

எல்லோருக்கும் இந்த வரிசையில்தான் வரும் என்றில்லை. சிலருக்குத் தொடக்க ஆண்டுகளில் நேர்மாறாக, அடக்க முடியாத அவசரம் இருக்கும். அதற்குப் பையை அடக்கும் மாத்திரைகள் உண்டு. மீதம் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்க்காமல் அவற்றைத் தொடங்கினால், ஏற்கெனவே சோர்ந்த தசை மேலும் சோர்ந்துவிடும்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. சிறுநீர் கழித்தவுடன் அடிவயிற்றில் ஸ்கேன் வைத்து, பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, அதை 0.52 ஆல் பெருக்கினால் மில்லி கணக்கில் விடை கிடைக்கும். 50 மில்லிக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. முதியவர்களுக்கு 100 வரை பொறுக்கலாம். மறுபடி மறுபடி 200ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். மாதக்கணக்கில் 300க்கு மேல் நின்றால் அது நாள்பட்ட தேக்கம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். முறை வருவதற்குள் பை அளவுக்கு மீறி நிறைந்துவிடும். வெளியே ஆள் காத்திருக்க, அவசரமாகப் போய்விட்டு வந்தால் நல்ல பையிலும் மீதம் நிற்கும். நம் பெண்மணிக்கு முதல் அறிக்கையில் 480 மில்லி என்று வந்தது. மருத்துவர் அதை அப்படியே ஏற்கவில்லை. கிருமித்தொற்று அடங்கிய பிறகு, வழக்கமாகப் போகும் நேரத்தில், வழக்கம்போலப் போய்விட்டு வரச் சொல்லி உடனே அளந்தார். அளவுகள் 10, 8, 7 சென்டிமீட்டர். மீதம் ஏறத்தாழ 290 மில்லி.

கூடவே மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னார். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் எழுதினால் போதும். காலை 6 மணிக்கு 750, பிற்பகல் 2 மணிக்கு 600, இரவு 10 மணிக்கு 650 என்று எழுதிக்கொண்டு வந்தார். காலையில் வெளியேறிய 750உடன் மீதம் நிற்கும் 290ஐக் கூட்டினால், அந்தப் பை ஒரு லிட்டருக்கு மேல் சுமந்திருக்கிறது. அப்போதும் அவருக்கு அவசரம் தோன்றவில்லை. ஸ்கேனைவிட இந்தக் காகிதம்தான் நோயைத் தெளிவாகச் சொன்னது.

இத்துடன் சிறுநீரகங்களில் வீக்கம் இருக்கிறதா, கிரியாட்டினின் எவ்வளவு, யூரின் கல்ச்சரில் என்ன கிருமி என்று பார்ப்பார்கள். பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்கி வழியை அடைத்திருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இவருக்கு அடைப்பு இல்லை, சிறுநீரகமும் நன்றாக இருந்தது.

ஆண்களுக்கு முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. அறுபது வயதுக்காரருக்குச் சிறுநீர் மெல்ல வந்தாலே பழி பிராஸ்டேட் மீது விழும். பிராஸ்டேட் அடைத்தாலும் ஓட்டம் குறையும், பைத்தசை சோர்ந்தாலும் ஓட்டம் குறையும். ஓட்டத்தின் வேகத்தை மட்டும் அளந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதற்கு யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனை உண்டு. மெல்லிய குழாய் வழியே பையில் நீரேற்றி, கழிக்கும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அளப்பார்கள். அழுத்தம் அதிகம், ஓட்டம் குறைவு என்றால் அடைப்பு. இரண்டுமே குறைவு என்றால் தசைச் சோர்வு. சோர்ந்த பைக்குப் பிராஸ்டேட் அறுவை செய்தால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகள் அறுவைக்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சிகிச்சையில் மருத்துவர் முதலில் பார்த்தது அந்தப் பெண்மணியின் மாத்திரைப் பையை. பாத எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் சாப்பிட்டு வந்தார். எரிச்சலுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் பைத்தசையின் சுருக்கத்தையும் குறைக்கும். அதை மாற்றினார். சளிக்குக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு, அவற்றையும் நிறுத்தச் சொன்னார். மலச்சிக்கலுக்கும் வழி செய்தார். நிரம்பிய மலக்குடல் பையைக் காலியாக விடாது.

அடுத்தது நேரக்கணக்கு. உணர்வு வரும் என்று காத்திருக்கக் கூடாது. விழித்திருக்கும்போது 3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். போய் முடித்ததும் எழுந்து, இரண்டு மூன்று நிமிடம் நின்றோ நடந்தோ இருந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து முயல வேண்டும். முதல் முறை விட்டுப்போனதில் ஒரு பகுதி அப்போது வரும். பொதுக் கழிப்பறையில் அருவருப்புப்பட்டு, தொட்டும் தொடாமலும் அரைகுறையாகக் குந்தினால் இடுப்புத்தசை இறுகி மீதம் நிற்கும். நன்றாக உட்கார்ந்து, பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிழியக் கூடாது. அந்த அழுத்தம் சிறுநீரை மேலே சிறுநீரகத்துக்கே தள்ளக்கூடும்.

தசையைச் சுருங்கவைக்கும் பெத்தனெக்கால் போன்ற மாத்திரைகளால் பெரிய பலன் இல்லை. ஆண்களுக்குக் கழுத்துப் பகுதியைத் தளர்த்தும் டாம்சுலோசின் ஓரளவு உதவும். ஆனால் சர்க்கரையால் நரம்பு பழுதானவர்களுக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், அதில் கவனம் வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பாதிப்பு மேலும் பரவுவது மட்டுப்படும். சிதைந்த நரம்பு பழைய நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மீதம் குறையாமல், தொற்று தொடர்ந்தாலோ சிறுநீரகம் வீங்கினாலோ, நோயாளியே குழாய் விட்டுக் காலி செய்துகொள்ளும் முறை இருக்கிறது. அறுவைக்கூடம் போலக் கிருமியற்ற சூழலில்தான் குழாய் விட வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் லாபிடெஸ் 1972இல் வேறு கருத்தை வெளியிட்டார். பை அதிகமாக விரிந்து தேங்குவதே தொற்றுக்கு முதன்மைக் காரணம், அதைத் தவறாமல் காலி செய்தால் சுத்தமான கையே போதும் என்றார். இன்றைய முறை அதிலிருந்து வந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவி, 12 அல்லது 14 எண் கொண்ட மெல்லிய கதீட்டரை உள்ளே விட்டு, ஓட்டம் நின்றதும் மெதுவாக இழுத்துவிடலாம். ஒரே வேளையில் பையில் 400, 500 மில்லிக்கு மேல் சேராதபடி, நாளுக்கு எத்தனை முறை என்று மருத்துவர் சொல்வார். நிரந்தரமாகக் குழாய் போட்டுவைப்பதைவிட இதில் தொற்று குறைவு. விழித்திரை பாதித்துப் பார்வை மங்கியவர்களுக்கும் விரல் மரத்தவர்களுக்கும் வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டு உதவ வேண்டியிருக்கும். காய்ச்சலோ கடுப்போ இல்லாதபோது கல்ச்சரில் கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதில்லை.

தையல் கடைப் பெண்மணிக்கு அந்த நிலை வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவருடைய குறிப்பேட்டில் நாளுக்கு 6 முறை, ஒவ்வொரு முறையும் 300 மில்லியை ஒட்டி என்று இருந்தது. மீதம் 290இலிருந்து 140 ஆகக் குறைந்தது, கடுப்பும் திரும்பவில்லை. உணர்வு மட்டும் வரவில்லை, அலாரத்தை அவர் நிறுத்த முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீதத்தை அளந்து பார்க்க வேண்டும்.

திடீரெனச் சிறுநீர் அடியோடு நின்றுபோனால், குளிர்காய்ச்சலுடன் விலாப்பக்கம் வலித்தால், அல்லது கால் பலவீனத்துடன் உட்காரும் இடம் மரத்துப்போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது சர்க்கரையால் வருவதல்ல, முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

மற்றவர்களுக்கு வேலை எளிது. பலரும் ஆண்டுக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனையில் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து ஆண்டுக்கு மேல் சர்க்கரை உள்ளவர்கள், பாதம் மரத்தவர்கள், அடிக்கடி நீர்க்கடுப்பு வருபவர்கள், 'கழித்த பிறகு எவ்வளவு மீதம்' என்பதையும் அளந்து எழுதித் தரும்படி அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கழிப்பறைக்குப் போய்வந்து இன்னொரு முறை படுப்பதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.