லோகோ ஒட்ட முடியாத உதவி

ஜூலை பிறந்தால் அரசுப் பள்ளிகளில் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளின் பேச்சு தொடங்கிவிடும். குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம். அந்தச் சமயத்தில்தான் உடற்கல்வி ஆசிரியர்கள் கடைத்தெருப் பக்கம் வந்து உதவி கேட்பார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. “பனியன் அடிச்சுக் குடுத்திடுவோம் சார், முதுகுல நம்ம கடை பேரு மட்டும் வரட்டும்” என்பார்கள். பனியன் வரும். முதலாளி நடுவில் நிற்க, பிள்ளைகள் இருபுறமும் நிற்க, படம் எடுப்பார்கள். சாயங்காலமே அது ஃபேஸ்புக்கில் ஏறிவிடும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அணிக்கு அந்த வருடம் பனியன்தான் தேவைப்பட்டதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். படத்தில் நன்றாகத் தெரிகிற பொருளையே எல்லோரும் கொடுக்க விரும்புகிறார்கள். அதனால் ஒரே அணிக்கு மூன்று செட் பனியன் சேர்ந்துவிடும். போட்டி நடக்கும் ஊருக்குப் போக வண்டி மட்டும் இருக்காது.

நெல்லைப் பக்கம் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் எதையும் தருவதாகச் சொல்வதற்கு முன்பு, என்ன வேண்டும் என்று பள்ளியில் கேட்கிறார். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் சொல்வது அநேகமாக இப்படி இருக்கும்: “பனியன் போன வருஷத்ததே நல்லா இருக்கு அண்ணாச்சி. வேன் வாடகைக்குத்தான் வழி இல்ல. காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும், பாதிப் பிள்ளைங்க சாப்பிடாமத்தான் வரும். மண்ணுல பழகுன பிள்ளைங்க மேட்ல ஆடுனா முட்டி தேஞ்சிருது, முட்டிப் பட்டை இருந்தா நல்லாருக்கும்.”

கபடி அணியில் களத்தில் நிற்பவர்கள் 7 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர், ஆக 12 பேர். கூட இரண்டு ஆசிரியர்கள். வேனுக்கு 3,000 ரூபாய், 14 பேருக்குக் காலையும் மதியமும் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 120 வீதம் 1,680, முட்டிப் பட்டை ஜோடி 200 வீதம் 2,400 என்று போட்டால் 7,080 ரூபாய் ஆகிறது. ஊருக்கு ஊர் விலை மாறும், ஆனால் கணக்கின் அளவு இதுதான். ஒரு செட் 500 ரூபாய் என்றால் 12 பேருக்கும் பனியன், டவுசர் எடுக்க 6,000 ஆகும். ஏறத்தாழ அதே பணம். வேனிலும் இட்லியிலும் கடையின் லோகோவை ஒட்ட முடியாது என்பது மட்டுமே வித்தியாசம். இந்த இடத்தில்தான் பதிவு கைகொடுக்கிறது. பனியன் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். வேன் வாடகையை யாராவது எழுதிச் சொன்னால்தான் உண்டு. ஆகவே கடைக்காரர் தேவையானதையே கொடுக்கலாம், கொடுத்ததை நாலு வரியில் எழுதவும் செய்யலாம்.

பணத்தை டீச்சர் கையில் ரொக்கமாகக் கொடுப்பது நல்லதல்ல. நாளைக்கு ஊரில் யாராவது ஒரு வார்த்தை கிளப்பினால் மாட்டிக்கொள்வது அவர்தான். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, வேன்காரருக்கும் மெஸ்ஸுக்கும் நேரடியாகப் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கட்டி ரசீது பெறலாம். கட்டடம், ஸ்மார்ட் வகுப்பறை போன்ற பெரிய உதவி என்றால், தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகப் போவது முறை. அந்தக் கடிதத்திலேயே பள்ளியிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதையும் எழுதிவிட வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கடையின் பெயரைச் சொல்லலாம், போட்டி முடிந்தபின் கடை ஒரு பதிவு போடலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தால், கடை ஆண்டு விழாவுக்கு மாணவிகளை அனுப்பச் சொல்லும் சங்கடம் பின்னால் வராது.

கொடுப்பது நன்கொடையா, விளம்பரச் செலவா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். 2019 அக்டோபரில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடை பற்றியது அது. கொடுத்தவருக்கு நன்றி சொல்லும் விதமாகப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் வரி இல்லை. அந்த எழுத்து அவருடைய தொழிலை விளம்பரப்படுத்தினால் கதை வேறு. தகப்பனார் நினைவாக இன்னார் கொடுத்தது என்ற வகை வாசகங்களையே அது உதாரணமாகக் காட்டுகிறது. ஊரில் பள்ளிப் பெஞ்சிலும் கோயில் டியூப்லைட்டிலும் நாம் பார்க்கிற எழுத்துதான். வரி விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். நான் இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. ஒரு பதிவு நேர்மையானதா என்று பார்க்க இது நல்ல அளவுகோல். கணக்குப் புத்தகத்தில் ‘விளம்பரச் செலவு’ என்று எழுதிவிட்டு, ஃபேஸ்புக்கில் ‘எந்தப் பிரதிபலனும் கருதாத நன்கொடை’ என்று எழுதக் கூடாது. இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருக்க வேண்டும். ‘எங்கள் கடையின் ஸ்பான்சர்’ என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

தின்பண்டம் விற்பவர்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறைப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. பேக்கரிக்காரர் விளையாட்டு விழாவுக்கு உதவலாம், பப்ஸ் படம் போட்ட பேனரைத்தான் உள்ளே கட்ட முடியாது.

இனி படம். இவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பது ஒரு நிமிடம்கூட மறக்கக் கூடாத விஷயம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெண் கபடி ஆடுவது சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிற வீடுகள் இன்றும் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணின் முகம் கடையின் ஸ்டேட்டஸில் வந்தால், மறுநாள் அவளுடைய பயிற்சியே நின்றுபோகலாம். அதனால் பள்ளி வழியாகத் தமிழில் ஒரு சீட்டு அனுப்பிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளி தன் பதிவேட்டுக்காகப் படம் வைத்துக்கொள்வதற்கு ஒரு கேள்வி, கடை அதை வெளியிடுவதற்குத் தனியாக இன்னொரு கேள்வி. பெற்றோர் சரி என்றாலும் பெண்ணிடமும் கேட்க வேண்டும்.

பன்னிரண்டில் ஒருத்தி வேண்டாம் என்றால் அவளை ஒதுக்கிவிட்டுக் குழுப்படம் எடுப்பது கொடுமை. முகமே வராத படம் எடுக்கலாம். பெஞ்சின்மேல் வரிசையாக அடுக்கிய 12 ஜோடி முட்டிப் பட்டைகள், பின்னாலிருந்து எடுத்த ஆட்டக் களம், பள்ளி வாசலில் நிற்கும் வேன். இவையே போதும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது எந்த அணி என்று தெரியும்.

எழுத்தில் எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு மாதிரியோடு பார்ப்போம். வழக்கமாக வருவது இது: “ஏழை மாணவிகளின் கனவை நனவாக்கிய எங்கள் நிறுவனம்! மாநில அளவில் சாதிக்கும் எங்கள் அணிக்கு வாழ்த்துகள். பெயிண்ட், பைப் வகைகளுக்கு அணுகவும்.” ஏழை என்று ஊரார் முன்னால் எழுதப்படுவது ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எழுதியவர் யோசிக்கவில்லை. அணி இன்னும் மாநிலத்துக்குப் போகவும் இல்லை. ஒரு நாள் வேன் கொடுத்தவருக்கு அது ‘எங்கள் அணி’யும் ஆகாது. கடைசி வாக்கியத்தில் மொத்தமும் பெயிண்ட் விளம்பரமாகிவிடுகிறது.

அதே செய்தியை இப்படி எழுதலாம்: “நம்ம ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கபடி அணி நேற்று குறுவட்டப் போட்டியில் ஆடியது. போக வர வேன், அன்றைய சாப்பாடு, 12 பேருக்கும் முட்டிப் பட்டை எங்கள் கடையின் ஸ்பான்சர். பனியன் போன வருடம் முன்னாள் மாணவர்கள் கொடுத்தது. தினமும் சாயங்காலம் பயிற்சி கொடுப்பவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், அரையிறுதியில் 4 புள்ளியில் தோற்றார்கள். கடைசி ஐந்து நிமிடம் அருமையான ஆட்டம்.”

இதில் கடைக்காரர் கொடுத்தது என்ன, கொடுக்காதது என்ன என்று இரண்டும் இருக்கின்றன. மற்றவர்களின் உழைப்புக்கு உரிய இடம் இருக்கிறது. கடையின் பெயர் பக்கத்தின் தலைப்பிலேயே இருப்பதால் போன் நம்பர் தேவையில்லை. ‘நேற்று’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெண் பிள்ளைகள் நாளைக்கு எந்த ஊருக்கு, எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே பொதுவெளியில் போடக் கூடாது. போய்த் திரும்பி வீடு சேர்ந்தபின்தான் பதிவு. அதையும் ஏற்றுவதற்கு முன்னால் டீச்சருக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். புள்ளிக்கணக்கு தப்பாக இருந்தால் அவருக்குத்தான் தெரியும்.

தோல்வியை மறைக்காமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோற்ற அன்று எல்லா ஸ்பான்சர்களும் மௌனமாகிவிடுவார்கள். அன்று வருகிற நாலு வரியைப் பெற்றோர் மறக்க மாட்டார்கள். கோப்பையோடு நிற்கும் படத்தில் சேர்ந்துகொள்ள யாருக்கும் ஆசை இருக்கும்.

இந்தப் பதிவைப் பணம் கட்டி பூஸ்ட் செய்வதும், இதோடு தள்ளுபடி அறிவிப்பைச் சேர்ப்பதும் வேண்டாம். “ஒரு ஷேருக்கு ஒரு ரூபாய் பள்ளிக்கு” என்பது அதைவிட மோசம், பிள்ளைகளின் தேவையைப் பணயம் வைத்து விருப்பக்குறி வாங்கும் வேலை அது. விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்கு என்று அறிவித்தவர், மாதக் கடைசியில் எவ்வளவு சேர்ந்தது, என்றைக்குக் கட்டினார் என்பதையும் ரசீதோடு போட்டாக வேண்டும்.

பலன் கிடைத்ததா என்று விருப்பக்குறிகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது, அந்த மாத வியாபாரத்திலும் தெரியாது. பெற்றோர் அதைத் தங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாங்களாகவே பகிர்கிறார்களா, ஆணி வாங்க வருகிறவர் “பிள்ளைங்க எப்படி ஆடுனாங்க?” என்று கேட்கிறாரா என்று பார்க்கலாம். உடற்கல்வி ஆசிரியர் அந்தப் பதிவைப் பகிராமல் விட்டிருந்தால் ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது என்று பொருள். நேரில் போய்க் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

ஆறு மாதம் கழித்து ஒரு தாய் போன் செய்து, என் மகள் படத்தை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால், காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஃபேஸ்புக்கில் மட்டுமல்ல, கூகுளில் கடையின் பக்கத்திலும், கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிய போஸ்டரிலும்.